பரீட்சைக் கட்டணமும் பிறநாட்டு உத்தியோகமும்: மேகக் கணிமைச் சான்றிதழ்களின் பெறுமதி பற்றிய ஒரு நோக்கு

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 350 ரூபாவைத் தாண்டிவிட்டது. அப்போது 150 டொலர் கட்டணமுள்ள கணினிப் பரீட்சையொன்றிற்கென 30,000 ரூபாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பட்டதாரி, சில வாரங்களுள் அதே பரீட்சைக்கு 52,000 ரூபாவிற்கு மேல் தேட வேண்டியவரானார். பரீட்சையும் மாறவில்லை, அவருடைய அறிவும் மாறவில்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியேறி உத்தியோகம் தேட வேண்டும் என்ற நெருக்குதல் வேறெக்காலத்தையும்விட அப்போதுதான் அதிகமாயிருந்தது. வருமானத்தை ரூபாவிற் பெற்றுக் கட்டணத்தை டொலரிற் செலுத்தும் நம்மவர்க்கு, எந்தச் சான்றிதழ் அதன் விலைக்குத் தகுந்தது என்ற வினா வெறும் ஆர்வத்தின் பாற்பட்டதன்று. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சீவியம் அதில் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவிற்குப் பொதுவாகத் தரப்படும் விடை ஒரு பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. 'சிறந்த பத்துச் சான்றிதழ்கள்' என்னும் வகையிலான அப்பட்டியல்களைத் தயாரிப்போருட் பலர் பயிற்சி வகுப்பு நடத்துவோராகவே இருப்பதையும் நாம் மறத்தலாகாது. இக்கட்டுரை பட்டியலிலிருந்து தொடங்காமல், ஒரு சான்றிதழின் விலைமதிப்பு எங்கிருந்து பிறக்கிறது, அதனை எண்ணிக் கணக்கெடுப்பவர் யார் என்ற வினாவிலிருந்து தொடங்க முனைகிறது.

முதலிற் சான்றிதழின் இயல்பை நோக்குவோம். பல்கலைக்கழகம் தரும் பட்டத்திலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபடுவது. கணினித் துறையிற் பெரும்பாலான சான்றிதழ்களை வழங்குபவர், அச்சான்றிதழ் எந்தப் பண்டத்தைப் பற்றியதோ அந்தப் பண்டத்தை விற்பவரேயாவர். சிஸ்கோ நிறுவனம் தன் வலையமைப்புக் கருவிகளை இயக்கத் தெரிந்தவர்க்கென 1998இல் 'சீசீஎன்ஏ' என்னும் சான்றிதழை அறிமுகப்படுத்திற்று. அமேசன் நிறுவனம் தன் கணினி வளங்களை வாடகைக்கு விடும் சேவைக்குரிய முதற் சான்றிதழை 2013இல் வெளியிட்டது. எந்த விற்பனையாளரையும் சாராத 'கொம்ரியா' போன்ற அமைப்புகளும் உண்டு. அதன் 'ஏ பிளஸ்' பரீட்சை 1993இலிருந்து நடைபெற்று வருகிறது. ஆயினும் இன்று மேகக் கணிமை எனப்படும் துறையில், அதாவது சொந்தமாகக் கணினி வாங்காமற் பிறருடைய தரவு நிலையங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் துறையில், அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் என்னும் மூன்று விற்பனையாளர்களின் பரீட்சைகளே பெரும்பான்மை. விற்பவனே கற்பித்து, விற்பவனே பரீட்சித்து, விற்பவனே சான்றளிக்கும் இவ்வேற்பாடு விற்பனையின் ஓர் அங்கம் என்பதை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இனி, இச்சான்றிதழ்கள் செய்யாத ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவை எவர்க்கும் நுழைவனுமதி பெற்றுத் தருவதில்லை. பிரித்தானியாவின் திறன்சார் தொழிலாளர் நுழைவனுமதி, உரிமம் பெற்ற ஒரு தொழில் வழங்குநரின் அனுசரணை, உத்தியோகத்தின் தரம், சம்பளம், ஆங்கில அறிவு ஆகியவற்றை நோக்குகிறதேயன்றி, விண்ணப்பதாரி எந்த விற்பனையாளரின் பரீட்சையில் தேறினார் என்று கேட்பதில்லை. ஜேர்மனி 2023ஆம் ஆண்டு நவம்பர் முதல் பட்டமில்லாத தகவல் தொழில்நுட்பவியலாளர்க்கும் ஐரோப்பிய நீல அட்டையைத் திறந்துவிட்டது. ஆனால் அங்கும் பட்டத்தின் இடத்தை நிரப்புவது சான்றிதழன்று. கடந்த ஏழு ஆண்டுகளுட் குறைந்தது மூன்றாண்டுகள் பட்டதாரித் தரத்திற் செய்த வேலையின் அனுபவமும், விதிக்கப்பட்ட எல்லைக்கு மேற்பட்ட சம்பளமுமே. கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்திலோ ஒரு சொல்மயக்கம் பலரை ஏமாற்றியிருக்கிறது. அத்திட்டத்தின் புள்ளிகளுள் 'தகைமைச் சான்றிதழ்' என்றொரு தலைப்புக் காணப்படும். அதனைக் கண்டு அமேசன் சான்றிதழுக்குப் புள்ளி கிடைக்கும் என்று எண்ணுவோர் உளர். அத்தலைப்புக் குறிப்பது, மின்னிணைப்பாளர், உருக்கி ஒட்டுநர் போன்ற கைத்தொழிலாளர்க்குக் கனடிய மாகாண அதிகாரசபைகள் வழங்கும் அனுமதிச் சான்றையே. கணினிப் பரீட்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே 'இந்தச் சான்றிதழ் இருந்தாற் கனடா போகலாம்' என்று ஒருவர் கூறுவாராயின், அவர் அறியாமையாற் கூறுகிறார், அல்லது எதையோ விற்க முயல்கிறார்.

அவ்வாறாயின் சான்றிதழ் எவ்விடத்திற் பயன்படுகிறது? ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் விண்ணப்பத்தை முதலிற் படிப்பவர் பெரும்பாலும் தொழில்நுட்பம் அறிந்தவரல்லர். அவர் தமக்குத் தரப்பட்ட சில பெயர்களைக் கொண்டு விண்ணப்பங்களைச் சலிக்கிறார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நாம் வேலை செய்த நிறுவனத்தின் பெயர் அவர்க்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. பரீட்சையின் பெயர் உணர்த்துகிறது. இவ்வளவுதான் என்றால் அதன் பெறுமதி சிறிதே. அதனினும் ஆழமான ஒரு காரணம் உண்டு. அது வேலை தேடுவோரிற் பலர் அறியாதது.

மேகக் கணிமை விற்பனையாளர்கள் தம் சேவையை வாடிக்கையாளரிடத்து நிறுவிக் கொடுக்கும் பணியைப் பெரும்பாலும் இடைநிலை நிறுவனங்களிடம் விட்டுவிடுகின்றனர். இவை 'பங்காளர்' நிறுவனங்கள் எனப்படும். அமேசனின் பங்காளர்கள் பல தரங்களாக வகுக்கப்பட்டுள்ளனர். ஒவ்வொரு தரத்தையும் அடைவதற்கு, நிறுவனத்திற் குறிப்பிட்ட தொகையினர் தொழில்நுட்பச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். மேற்றரங்களில் அவர்களுட் சிலர் உயர்நிலைச் சான்றிதழ் உடையோராயும் இருத்தல் வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனமோ பழைய பொன், வெள்ளித் தரங்களை 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கைவிட்டு, நூற்றுக்கு எழுபது புள்ளி பெறவேண்டிய ஒரு முறையைக் கொணர்ந்தது. அப்புள்ளிகளில் ஒரு பங்கு, ஊழியர் பெற்ற சான்றிதழ்களிலிருந்தே வருகிறது. தரம் உயர்ந்தால் விற்பனையாளரின் நிதியுதவியும் வாடிக்கையாளர் அறிமுகங்களும் கிடைக்கும். தரம் தாழ்ந்தால் அவை குன்றும். சான்றிதழுடைய ஊழியர் ஒருவர் விலகிச் சென்றால் அந்நிறுவனத்தின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அவ்விடத்திற்குப் புதிதாக ஒருவரை எடுக்கையில், சான்றிதழை ஏற்கெனவே கையிற் கொண்டு வருபவர் மற்றவரைவிட உண்மையான பணமதிப்பு உடையவராகிறார்.

அரசியற் பொருளாதாரம் பயின்றவர்க்குப் பழகிய சொற்களிற் கூறுவதாயின், சான்றிதழின் பயன்பெறுமதி அதனைப் பெறுவதற்காகக் கற்ற அறிவில் உள்ளது. அதன் பரிமாற்றப் பெறுமதியோ, அதனை எண்ணிக் கணக்குக் காட்டவேண்டிய ஒரு நிறுவனம் எதிர்ப்புறத்தில் இருப்பதைப் பொறுத்தது. தானே மென்பொருள் எழுதித் தானே விற்கும் ஒரு நிறுவனம் எந்தப் பங்காளர் தரத்தையும் நாடுவதில்லை. அங்குச் சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு. ஆலோசனை நிறுவனங்களும், பிறருடைய கணினித் தொகுதிகளை ஏற்று நடத்தும் நிறுவனங்களும் அதனை நாடுகின்றன. ஒரே சான்றிதழைக் கொண்டு இருவகை நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்து, 'இது பயனற்றது' என்று ஒருவரும், 'இதனாலேயே வேலை கிடைத்தது' என்று மற்றொருவரும் கூறுவதன் இரகசியம் இதுவே.

இதிலிருந்து செய்முறையொன்று பெறப்படுகிறது. கட்டணம் செலுத்துமுன், தாம் செல்ல விரும்பும் நாட்டில் தம் அனுபவத்திற்கு ஏற்ற முப்பது வேலை விளம்பரங்களை ஒருவர் சேகரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயர் சொல்லிக் கேட்கப்படும் சான்றிதழைக் குறித்து எண்ண வேண்டும். பின்னர் அந்நிறுவனங்களின் பெயர்களை, அமேசனும் மைக்ரோசொப்டும் பொதுமக்கள் பார்வைக்கென இணையத்தில் வைத்துள்ள பங்காளர் விபரக்கொத்துகளில் தேட வேண்டும். அவற்றை நாடுவாரியாகவும் தேடலாம். வேலையும் விளம்பரப்படுத்தி, பங்காளராகவும் இருக்கும் நிறுவனமே சான்றிதழைக் கணக்கிலெடுக்கும் நிறுவனம். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். ஆயினும் இதனைச் செய்யாமலே கட்டணத்தைச் செலுத்திவிடுவோர்தாம் அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் கணினி விஞ்ஞானப் பட்டதாரி. மூன்றாண்டுகளாகக் கொழும்பில் லினக்ஸ் வழங்கிகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் 150,000 ரூபா. பிரித்தானியாவில் மேகக் கணிமைப் பொறியியலாளர் பதவியொன்றை நாடுகிறார். நண்பர் சொல்கேட்டு அவர் வகுத்த முதற்றிட்டம் இது: அமேசனின் அடிப்படைப் பரீட்சையான 'கிளவுட் பிரக்ரிஷனர்', கட்டணம் 100 டொலர், கூகிளின் அடிப்படைப் பரீட்சையான 'கிளவுட் டிஜிற்றல் லீடர்', 99 டொலர், அதன்பின் கொம்ரியாவின் 'செக்கியூரிற்றி பிளஸ்', 400 டொலருக்கு மேல். டொலரொன்று 300 ரூபா எனக் கொண்டால் ஏறத்தாழ 180,000 ரூபா. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

இத்திட்டத்தில் என்ன பிழை? முதலிரண்டும், தொழில்நுட்பம் செய்யாத விற்பனைப் பிரிவினரும் கணக்காளரும் எழுதக்கூடிய பரீட்சைகள். பங்காளர் நிறுவனங்களுக்கு அவையும் ஓரளவு தேவைதான். ஆனால் அவ்விடங்களைத் தம் விற்பனை ஊழியரைக் கொண்டே நிரப்பிவிடுகின்றன. மூன்றாண்டு அனுபவமுடைய ஒருவர் அவற்றை முன்னிறுத்தும்போது, படிப்பவர் அவரைத் தொடக்கநிலையாளராகவே மதிப்பிட ஏதுவாகிறது. செக்கியூரிற்றி பிளஸ் கதை வேறு. வேலை விளம்பரங்களில் அது அடிக்கடி தோன்றுவதற்குப் பெருங்காரணம், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் தகவற் பாதுகாப்புப் பணியாளர்க்கும் ஒப்பந்தகாரர்க்கும் விதித்துள்ள தகைமை விதிகளாகும். அவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றிற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நம் பட்டதாரி அவற்றிற்கு விண்ணப்பிக்கவே இயலாது. தம்மால் நுழைய முடியாத சந்தையொன்றின் தேவையினால் உயர்ந்த விலையை அவர் கொடுக்கிறார்.

மாற்றுத் திட்டம் சிறியது. அமேசனின் 'சொலூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' பரீட்சைக்கு அவர் நேரடியாகத் தோற்றலாம். கட்டணம் 150 டொலர். அடிப்படைப் பரீட்சை இதற்கு முன்நிபந்தனையன்று. எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதியுமில்லை. அதனோடு, கணினி வளங்களை எழுத்துவடிவக் கட்டளைகளால் உருவாக்கும் 'டெராபோர்ம்' என்னும் கருவிக்குரிய அசோசியேட் பரீட்சை. கட்டணம் 70 டொலரளவு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 66,000 ரூபா. முதற்றிட்டத்தின் செலவில் இது மூன்றிலொரு பங்கிலும் சற்றே கூடியது. முப்பது விளம்பரங்களில் இவ்விரு பெயர்களும் எத்தனை முறை வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே இதனையும் அவர் உறுதிசெய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு கணக்கையும் நோக்குதல் நன்று. அமேசன் பரீட்சையொன்றில் தேறியவர்க்கு அடுத்த பரீட்சைக்கு அரைக்கட்டணச் சலுகை உண்டு. இதனைக் காட்டி, 'முதலில் 100 டொலர்ப் பரீட்சையை எழுதினால் அடுத்தது 75 டொலர்தானே' என்பர். அசோசியேட்டும் அதற்கு மேலுள்ள 300 டொலர் 'புரொபெஷனல்' பரீட்சையும் இலக்காயின், நேரடியாகச் செல்பவர் 150உம் 150உமாக 300 டொலர் செலுத்துவார். அடிப்படையிலிருந்து செல்பவர் 100, 75, 150 என 325 டொலர் செலுத்துவார். மேலதிகச் செலவு 25 டொலர் மட்டுமே. ஆகவே மேகக் கணிமையை முற்றிலும் அறியாதவர், பரீட்சை மண்டபத்தின் பழக்கத்திற்காக அதனை எழுதுவது பெருங்குற்றமன்று. ஆனால் அதனோடு நின்றுவிடுபவர்க்கு 100 டொலரும் வீணே. இன்னொன்று: தோற்றுத் தேறாதவர் பதினான்கு நாட்கள் காத்திருந்து முழுக்கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். எனவே பயிற்சி வினாத்தாள்களில் நிலையாக நல்ல புள்ளி வரும்வரை பரீட்சைத் திகதியைக் குறியாமலிருப்பதே சிக்கனம். அப்பரீட்சை 130 நிமிடங்களில் 65 வினாக்களைக் கொண்டது. 100 முதல் 1000 வரையிலான அளவுகோலில் 720 பெற்றாற் சித்தி.

சான்றிதழ் விண்ணப்பத்தை முதல் வாயிலுக்குள் தள்ளிவிடும். அதற்கப்பால் நேர்முகப் பரீட்சை நிற்கிறது. அங்குதான் பெறப்பட்ட அறிவு பரீட்சைக்காக மனனஞ் செய்யப்பட்டதா, கையாற் செய்து அறியப்பட்டதா என்பது வெளிப்படும். நேர்முகத்தில் எழக்கூடிய ஒரு வினாவை விளக்குகிறேன். பொது இணையத்திலிருந்து எவரும் நேரே அணுக முடியாதவாறு ஓர் உள்வலையில் வைக்கப்பட்ட வழங்கி இருக்கிறது. அது நாள்தோறும் பெருந்தொகையான கோப்புகளை அமேசனின் 'எஸ்3' களஞ்சியத்துக்கு அனுப்புகிறது. மாதக் கட்டணம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வருகிறது, ஏன்? பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவர் வழங்கியின் அளவைக் குறைக்கச் சொல்வார். ஒருமுறையேனும் இதனைக் கட்டிப் பார்த்தவர், கோப்புகள் எவ்வழியாகச் செல்கின்றன என்று திருப்பிக் கேட்பார். உள்வலையிலிருந்து வெளியே செல்வதற்கு 'நாட் கேட்வே' என்னும் வாயிலொன்று அமைக்கப்படுவது வழக்கம். அமெரிக்காவின் வேர்ஜினியா பிராந்தியத்தில் அவ்வாயிலுக்கு மணிக்கு நாலரைச் சதமும், அதனூடாகச் செல்லும் ஒவ்வொரு கிகாபைற்றுக்கும் நாலரைச் சதமும் அறவிடப்படும். மாதம் 1000 கிகாபைற் சென்றால் அதற்கு மட்டும் 45 டொலர். எஸ்3 களஞ்சியத்துக்கு உள்வலையிலிருந்தே நேரடி வழியொன்றைத் திறந்துவிட முடியும். அவ்வழிக்குக் கட்டணமே இல்லை. வழித்தட அட்டவணையில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு விடயம் முடிந்துவிடும். இந்த விடை பரீட்சைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் வினாத்தாளில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதும், எதிரிலிருப்பவர்க்குக் காரணத்தோடு எடுத்துரைப்பதும் வெவ்வேறு ஆற்றல்கள்.

இவ்வாற்றலை வீட்டிலிருந்தே பெறலாம். 2025ஆம் ஆண்டு யூலை முதல், அமேசனிற் புதிதாகக் கணக்குத் திறப்போர்க்கு 100 டொலர் பெறுமதியான இலவச வரவும், குறித்த சில பயிற்சிகளைச் செய்தால் மேலும் 100 டொலர் வரையும் வழங்கப்படுகின்றன. மேற்சொன்ன அமைப்பைக் கட்டி, சோதித்து, அழிப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கே தேவை. அழித்தல் என்பதை அழுத்திக் கூற வேண்டும். கட்டிய வாயிலை அழிக்க மறந்தால், அதனூடாக ஒரு கோப்பேனும் செல்லாவிடினும் மாதம் ஏறத்தாழ 33 டொலர் கரைந்துவிடும். கட்டணத் திட்டத்தின் கீழுள்ள கணக்காயின் இலவச வரவு தீர்ந்ததும் பணம் அட்டையிலிருந்தே செல்லும். கணக்குத் திறந்த நாளிலேயே செலவு எச்சரிக்கையை ஐந்து டொலரில் வைத்துவிடுதல் நலம். இவ்வாறு கட்டிய அமைப்பை டெராபோர்ம் கோப்புகளாக எழுதி இணையத்தில் வைத்து, விண்ணப்பத்திற் சான்றிதழின் பெயருக்குக் கீழே அதனைச் சுட்டுபவர், சான்றிதழை மட்டும் காட்டுபவரினின்றும் வேறுபட்டவராகத் தோன்றுவார்.

பரீட்சை வினாக்களைத் திருடி விற்கும் இணையத்தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவு விலையில் 'உண்மையான வினாக்கள்' கிடைக்கின்றன என்பது மெய்யே. பரீட்சை நடத்துவோர் விடைகளின் போக்கைப் புள்ளிவிபர முறையில் ஆராய்கின்றனர். முறைகேடு கண்டால் பின்னரும் சான்றிதழை இரத்துச் செய்து, மீண்டும் தோற்றாதவாறு தடுக்கவும் செய்வர். அந்த ஆபத்தைவிட, இவ்வாறு தேறியோர் பெருகப் பெருக நேர்மையாகத் தேறியவரின் சான்றிதழும் மதிப்பிழக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நேர்முகத் தேர்வாளர் சில நாடுகளிலிருந்து வரும் சான்றிதழ்களை ஐயத்தோடு நோக்கத் தொடங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏனைய சான்றிதழ்களைச் சுருக்கமாகவே நோக்கலாம். மேலே கண்ட எடுத்துக்காட்டில் அமேசனைத் தெரிந்ததற்குக் காரணம் அவ்விளைஞரின் இலக்கேயன்றி அமேசனின் உயர்வன்று. வங்கி, அரசாங்கத் திணைக்களம், வைத்தியசாலை ஆகியவற்றுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களை நாடுவோர்க்கு மைக்ரோசொப்டின் 'அசூர்' நிர்வாகிக்கான பரீட்சை பெரும்பாலும் பொருத்தமாகும். திரையில் அதன் குறியீடு AZ-104. அதன் கட்டணம் பரீட்சை எழுதும் நாட்டைப் பொறுத்து வேறுபடுவது. அமெரிக்காவில் 165 டொலர். அச்சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். ஆனால் முடிவுத் திகதிக்கு முந்திய ஆறு மாதங்களுள், வீட்டிலிருந்தே எழுதக்கூடிய ஒரு சிறு மதிப்பீட்டாற் கட்டணமின்றிப் புதுப்பிக்கலாம். ஒருநாள் பிந்தினாலும் முழுப் பரீட்சையையும் பணங்கட்டி மறுபடி எழுத வேண்டும். அமேசன் சான்றிதழ் மூன்றாண்டு நிலைக்கும். நீண்ட காலத்திற் கட்டணத்தைக் கணக்கிடுவோர்க்கு, திகதியை மறவாதவரெனின், மைக்ரோசொப்டே மலிவு.

கட்டணம் மிகுதியாயினும் அதற்குத் தகுந்தது என்று நான் கருதுவது, குபர்னெற்றிஸ் நிர்வாகிக்கான பரீட்சை. அது 400 டொலரைக் கடந்தது. ஆனால் அதில் விடை தெரிவுசெய்யும் வினாக்களே இல்லை. இரண்டு மணி நேரம் உண்மையான கணினித் தொகுதிகளின்முன் அமர்ந்து, பழுதானதைத் திருத்தியும் கேட்டதைக் கட்டியும் கொடுக்க வேண்டும். மனனத்தாற் கடக்க முடியாதாகையால் தொழில்நுட்பமறிந்த தேர்வாளரும் அதனை மதிக்கின்றனர். முதன்முறை தவறினால் இரண்டாவது வாய்ப்பு அக்கட்டணத்திலேயே அடங்கும் என்பதையும் விலை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கட்டளைகள் கைவராதவர் அதற்குத் தோற்றுவது பணத்தை எறிவதாகும். சிஸ்கோவின் 300 டொலர்ப் பரீட்சை வலையமைப்புத் துறையிலேயே நிற்க விரும்புவோர்க்கு இன்றும் பயன்தரும். மேகக் கணிமைக்கு மாற விரும்புவோர் அப்பாடத்தைப் படித்தாற் போதும், பரீட்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பாதுகாப்புத் துறையிற் புகழ்பெற்ற 'சிஸ்ப்' சான்றிதழைப் பெற ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். அனுபவமில்லாமற் பரீட்சையில் தேறியவர் அப்பெயரைத் தம் பெயரோடு இட்டுக்கொள்ளவும் இயலாது. ஆண்டுதோறும் சந்தாவும் செலுத்த வேண்டும். இளைஞர்க்கு அது காலத்திற்கு முந்திய செலவு.

இறுதியாக, நம்மவர்க்கே உரிய இரண்டு விடயங்கள். ஒன்று பெயர். நம் பட்டச் சான்றிதழில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும், கடவுச்சீட்டில் அது முழுப்பெயராகவும், வேலைவிண்ணப்பத்திற் குடும்பப் பெயராகவும் காணப்படுவது சாதாரணம். பரீட்சைக்குப் பதிவுசெய்த பெயரும் காட்டும் அடையாள ஆவணத்தின் பெயரும் ஒவ்வாவிடின் பரீட்சார்த்தியைத் திருப்பி அனுப்பிவிடுவர், கட்டணமும் திரும்பாது. அதன்பின் வேலை கொடுப்போர் இணையத்திற் சான்றிதழைச் சரிபார்க்கையில், கடவுச்சீட்டிலுள்ள பெயரையே தேடுவர். ஆதலாற் கணக்குத் திறக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுத்துக்கு எழுத்துப் பதிவுசெய்தல் வேண்டும்.

மற்றையது நேரம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் அமேசன் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதும்போது முப்பது நிமிடங்கள் மேலதிகமாகக் கேட்டுப் பெறலாம். நீண்ட வினாக்களை இருமுறை படிக்க வேண்டியவர்க்கு அது பெரும் உதவி. பரீட்சைக் கணக்கில் விசேட வசதிகளைக் கோரும் பகுதியில் ESL +30 என்னும் தலைப்பைத் தெரிவு செய்தாற் போதும். அத்தாட்சி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஒருமுறை பெற்றால் அதன்பின் எழுதும் பரீட்சைகளுக்கும் அது தொடரும். ஆனால் இக்கோரிக்கையைப் பரீட்சைத் திகதியைப் பதிவுசெய்வதற்கு முன்னரே செய்துவிட வேண்டும். பதிவுசெய்த பின்னர்க் கோரினால் அந்தப் பரீட்சைக்கு அது சேராது.